வேலை நேரம் மாறப் போகிறது: வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து வரும் குடும்பங்கள் பலவும் முதல் மாதத்திலேயே வீட்டு வேலைக்கு ஒருவரைத் தேடிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டார் யாராவது சொல்லி ஒரு அக்கா வருவார். நேரமும் சம்பளமும் வாசலில் நின்றபடியே கதைத்து முடிந்துவிடும். ஆறேழு மாதம் நன்றாகப் போகும். பிறகு உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று மாறும். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கும், அல்லது மனைவிக்கு வேலை கிடைக்கும். காலையில் வந்துபோகும் அக்கா இனிப் பின்னேரம் வந்தால்தான் சரிவரும் என்று ஆகிவிடும்.

இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் நல்ல மனிதர்கள் கூடத் தடுமாறுகிறார்கள். சங்கடப்பட்டுத் தள்ளிப்போட்டு, கடைசி நாளில் "நாளையிலிருந்து ரெண்டு மணிக்கு வாங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். கடை, காரியாலய வேலைகளில் நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவருக்கு அந்தக் காவல் இல்லை. நீங்கள் எத்தனை நாள் முன்னால் சொல்கிறீர்களோ அதுதான் அவருக்குக் கிடைக்கும் முன்னறிவித்தல். அதனால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டிய பொறுப்பு முழுக்க உங்களுடையது.

இங்கே காலை வேலையைப் பின்னேரத்துக்கு மாற்றும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருப்பதில் சிக்கலானது அதுதான். டிரைவர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அவருடைய நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீட்டுக்கு நாலு மணித்தியாலம் வருபவர், அந்த நாலு மணித்தியாலச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துவதில்லை. அனேகமாக இன்னொரு வீடும் இருக்கும். அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் நேரத்தை மாற்றும்போது முதலில் இடிபடுவது அந்த இரண்டாவது வீடுதான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அவர்கள் உப்புவெளியில் இருக்கிறார்கள். அக்கா அன்புவழிபுரத்திலிருந்து வருகிறார். டவுனுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து நிலாவெளி வீதிப் பஸ் ஒன்று. காலை 7.30 முதல் 11.30 வரை உப்புவெளி வீடு. பிறகு டவுனுக்குத் திரும்பி, 12.30 முதல் 3 மணி வரை உவர்மலையில் இன்னொரு வீடு. திங்கள் முதல் சனி வரை இப்படித்தான். இப்போது உப்புவெளி வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பின்னேரம் நாலரைக்குத்தான் வீடு திரும்புவார். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளையுடன் யாராவது இருக்கவேண்டும். அவருடைய மனதில் இருக்கும் நேரம் ஒன்று முதல் ஐந்து வரை. அது உவர்மலை வீட்டு நேரத்தோடு நேராக மோதுகிறது.

இரண்டாவது வீட்டைத் தவிர இன்னும் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, அவருடைய பிள்ளைகள் வீடு திரும்பும்போது யார் இருப்பார்கள். உங்கள் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்று அவருடைய பிள்ளையின் துணையைப் பறித்துவிடக் கூடாது. இரண்டு, திரும்பிப் போகும் பஸ். மார்கழி, தை மழைக் காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், பஸ்ஸும் குறைந்துவிடும், வீட்டுக்குள் இறங்கும் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தோன்றவே தோன்றாது: குழுக் கடன் கூட்டம். நுண்கடன் எடுத்த பெண்கள் கிழமைக்கு ஒருநாள், குறித்த நேரத்தில், குழுத் தலைவியின் வீட்டில் கூடித் தவணை கட்டவேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் அந்த ஒரு மணித்தியாலத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடமாட்டார்கள். உங்களிடம் அதற்காக லீவு கேட்கவும் கூச்சப்படுவார்கள். "கிழமையில எந்த நாளாவது கட்டாயம் நேரத்தோட போகவேண்டி இருக்கா அக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் போதும். என்ன கடன், எவ்வளவு என்று தோண்ட வேண்டாம்.

எவ்வளவு நாள் முன்னால் சொல்வது

அரை மணித்தியாலம் முன்பின் என்றால் ஒரு கிழமை போதும். காலை, பின்னேரமாக மாறுகிறது என்றால் குறைந்தது மூன்று கிழமை. நாட்கள் குறைந்து சம்பளமும் குறையும் என்றால் முழுதாக ஒரு மாதம் கொடுக்கவேண்டும், ஏனென்றால் அவர் வேறு வீடு தேடவேண்டி வரும்.

மூன்று கிழமை ஏன் என்றால், அவர் உவர்மலை வீட்டில் போய்க் கேட்கவேண்டும், அவர்கள் யோசித்துப் பதில் சொல்லவேண்டும், வீட்டில் மாமியாரோ தங்கையோ பிள்ளைகளைப் பார்க்க ஒழுங்கு செய்யவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் பிடிக்கும். புது நேரம் மாதத்தின் முதலாம் திகதியில் தொடங்குவது நல்லது. நடுமாதத்தில் மாற்றினால் சம்பளக் கணக்கில் இருவருக்கும் சந்தேகம் வரும். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நோன்பு மாதம் போன்ற நாட்களில் எந்தப் புது ஒழுங்கையும் தொடங்கவேண்டாம். முதல் கிழமையே குழம்பினால் பிறகு சரிப்படுத்துவது கஷ்டம்.

எங்கே, எப்போது சொல்வது

சம்பளம் கொடுக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். கையில் காசை வாங்கிக்கொண்டு நிற்பவர் எதற்கும் தலையாட்டத்தான் செய்வார். பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் கேற்றடியில் வைத்தும் சொல்லாதீர்கள். பிள்ளையிடம் சொல்லியனுப்புவது, விருந்தாளிகள் முன்னால் சொல்வது, இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ் போடுவது இவை எல்லாம் மரியாதைக் குறைவு.

வேலை முடிய இருபது நிமிடம் முன்னால் நிறுத்தச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றி, கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் இருந்து கதையுங்கள். அவர் நின்றுகொண்டும் நீங்கள் இருந்துகொண்டும் கதைத்தால் அது அறிவித்தலாகத்தான் போய்ச் சேரும். வழமையாக அவரோடு கதைப்பவர் யாரோ அவரே சொல்லட்டும். இதுவரை ஒரு வார்த்தை கதைக்காத கணவர் திடீரென்று வந்து இருந்தால் வேலையை விட்டு நிற்பாட்டப் போகிறார்கள் என்றுதான் அக்கா நினைப்பார்.

அந்த நினைப்பு எப்படியும் வரும். ஆகவே முதல் வசனத்திலேயே அதை எடுத்துவிடுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, வேலையில ஒரு குறையும் இல்ல, சம்பளமும் குறையாது. அத முதல்லயே சொல்லிடுறன். எனக்கு அடுத்த மாதம் ஒண்டாம் திகதியிலிருந்து வேலை தொடங்குது. பின்னேரம் பிள்ளையோட ஆள் வேணும். காலையில வாறத பின்னேரமா மாத்தினா உங்களுக்குச் சரிவருமா எண்டு கேக்கத்தான் கூப்பிட்டனான். இண்டைக்கே பதில் சொல்லவேணும் எண்டில்ல. வீட்டிலயும் மற்ற இடத்திலயும் கதைச்சுப்போட்டு வாற திங்கக்கிழமை சொல்லுங்கோ."

இதில் எது முடிவானது, எது அவரோடு கதைத்துத் தீர்மானிப்பது என்பது பிரிந்து நிற்கவேண்டும். உங்கள் வேலை தொடங்கும் திகதி முடிவானது. பிள்ளையோடு ஆள் வேண்டும் என்பதும் முடிவானது. எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்குப் போவது, எந்த நாள் விதிவிலக்கு என்பவை கதைத்துத் தீர்மானிப்பவை. எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்துக்கொண்டு "உங்கட விருப்பம்" என்று சொன்னால் அவருக்கு அது உடனே விளங்கிவிடும்.

ஒருவேளை அக்கா உங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் இன்னொரு வசனமும் சேருங்கள்: "அந்தக் காசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நேரம் ஒத்துவராட்டியும் அத முந்திச் சொன்ன மாதிரியே மெதுவாத் தரலாம்." கடன் பட்டவர் மறுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துவிடுவார். நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் அந்தக் கட்டு அவிழும்.

"சரி" என்று சொல்லிவிட்டார். அது சம்மதமா?

உடனடியாக, கேள்வி ஒன்றும் கேட்காமல், "நீங்க சொன்னாச் சரிதானே" என்று அக்கா சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதைக்காகச் சொன்னதாகத்தான் இருக்கும். உண்மையாகவே யோசிக்கிறவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்பார், சனிக்கிழமையைப் பற்றிக் கேட்பார், "வீட்டில கேட்டுச் சொல்றன்" என்பார். அந்தப் பதில்கள் நல்ல அடையாளம். அப்படி ஒன்றும் வராவிட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள்: "அப்ப மற்ற வீட்டு வேலைய என்ன செய்வீங்கள்? திரும்பிப் போக எந்த பஸ்?" பதில் தெளிவாக வந்தால் யோசித்திருக்கிறார். "பாப்பம்" என்று இழுத்தால் யோசிக்கவில்லை, இன்னும் இரண்டு நாள் விட்டுக் கேளுங்கள்.

உப்புவெளி வீட்டில் முதல் நாள் அக்கா சொன்னதும் "சரி" தான். இரண்டாவது வீட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் உவர்மலையில் மத்தியானம் போகவேண்டும் என்ற கதை வந்தது. அந்த வீட்டுக்கு நீங்களே போன் எடுத்துக் கதைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த வீட்டோடு அவருக்கு இருக்கும் ஒழுங்கு அவருடையது. அவர் கேட்டுக்கொண்டால் மட்டும், அவர் முன்னாலேயே கதையுங்கள்.

அக்கா போய்க் கேட்டார். உவர்மலை வீட்டிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சமையல் முடிந்தால் நல்லதுதான் என்றார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 முதல் 11 மணி வரை அங்கே, பிறகு பஸ் ஏறி 12.30க்கு உப்புவெளி, நாலரை வரை வேலை என்று வந்தது. நாலு மணித்தியாலம் அப்படியே இருந்தது, முடியும் நேரம் ஐந்திலிருந்து நாலரைக்கு இறங்கியது. அந்த அரை மணித்தியாலத்தால் அவர் இருட்டுமுன் வீட்டுக்குப் போய்விடலாம். சனிக்கிழமை பள்ளி இல்லை, ஆகவே இரண்டு வீட்டிலும் பழைய நேரமே. செவ்வாய்க்கிழமை மூன்றரைக்குக் குழுக் கூட்டம். அன்றைக்கு அக்கா மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும். பிள்ளையின் டியூஷனைச் செவ்வாய் மூன்று மணிக்கு மாற்றினார்கள். போகிற வழியில் அக்காவே வகுப்பில் விட்டுவிட்டுப் போகிறார், அம்மா வேலை முடிந்து வரும்போது கூட்டிக்கொண்டு வருகிறார்.

இன்னொன்றையும் கவனித்தார்கள். முன்பு காலையில் வந்தபோது அக்காவுக்கு ஒரு தேத்தண்ணியும் பணிஸும் போதும். இப்போது அவர் வருவது மத்தியானப் பசியோடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கேயும் இருந்து சாப்பிட நேரம் இல்லை. ஆகவே வந்தவுடன் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவது, அந்த நேரத்தைக் கழிப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். நேரம் மாறினால் சாப்பாடும் மாறும் என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

சம்பளக் கணக்கு

கணக்கை அவர் முன்னால் வாய்விட்டுப் போடுங்கள். பேச்சுக்கு மாதம் 26,000 ரூபா, 26 நாள் வேலை என்று வைப்போம். நாளுக்கு 1,000, நாலு மணித்தியாலத்துக்கு அது என்றால் மணித்தியாலத்துக்கு 250 ரூபா. புது ஒழுங்கில் நாளுக்கு அரை மணித்தியாலம் கூடுகிறது என்றால் நாளுக்கு 125, மாதத்துக்கு 3,250 ரூபா கூட்டிக் கொடுக்கவேண்டும். "அரை மணித்தியாலம்தானே" என்று விட்டுவிடக் கூடாத தொகை அது.

குறையும் பக்கம் இதே கணக்கைப் போடாதீர்கள். உங்கள் வசதிக்காக நேரத்தை மாற்றும்போது செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணித்தியாலம் குறைகிறது என்றால் அதைச் சம்பளத்தில் கழிப்பது நியாயமில்லை. மழை நாளில் தாமதமாகி ஓட்டோவில் அனுப்பவேண்டி வந்தால் அந்தக் காசு உங்களுடையது. இதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பாரே தவிர கேட்கமாட்டார்.

கிழமை ஓய்வையும் பாருங்கள். வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேச தொழில் அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆம் இலக்கச் சமவாயம், கிழமையில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணித்தியாலம் ஓய்வு வேண்டும் என்கிறது. புது ஒழுங்கில் ஞாயிற்றுக்கிழமை முழுதாக அவருடையதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி வையுங்கள்

ஒப்பந்தம் என்று பெரிய பேப்பர் தேவையில்லை, அதைக் கண்டால் பயப்படுவார்கள். குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். அதே விஷயத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் குரலிலேயே அனுப்புங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் போட்டுக் காட்ட அது வசதி. தாளில் இவ்வளவும் இருந்தால் போதும்:

"1ஆம் திகதியிலிருந்து: திங்கள் – வெள்ளி 12.30 முதல் 4.30 வரை. செவ்வாய் 3 மணிக்குப் போகலாம். சனி பழைய மாதிரி 7.30 முதல் 11.30 வரை. ஞாயிறும் போயா நாளும் லீவு. சம்பளம் பழையபடி 26,000. மத்தியானச் சாப்பாடு இங்கே. 15ஆம் திகதி திரும்பக் கதைப்போம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். இரண்டு கிழமை நடந்து பார்த்தபிறகுதான் பஸ் உண்மையில் எப்போது வருகிறது, பிள்ளை அவரோடு எப்படி இருக்கிறது என்பது தெரியும். 15ஆம் திகதி நீங்களே கதையைத் தொடங்குங்கள், அவர் தொடங்கமாட்டார். கிழமையில் இரண்டு நாள் பிந்தி வருகிறார், மறுநாள் சொல்லாமல் நிற்கிறார், முன்புபோல் கதைப்பதில்லை என்றால் நேரம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். "ஏன் லேற்?" என்று கேட்காமல் "எந்த பஸ் கிடைச்சது?" என்று கேட்டால் காரணம் வெளியே வரும்.

ஒத்துவராவிட்டால்

அவரால் முடியவில்லை என்று சொன்னால் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மாத முடிவு வரை பழைய நேரத்திலேயே வரட்டும், அதன் பிறகு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள். அவரைக் கேட்டுவிட்டு, தெரிந்த வீடுகளில் "காலையில வர ஒரு நல்ல அக்கா இருக்கிறா" என்று சொல்லிவையுங்கள். திருகோணமலை சின்ன ஊர். நீங்கள் எப்படி அனுப்பினீர்கள் என்பது, அடுத்து உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் காதில் விழுந்தபிறகுதான் அவர் வருவதா இல்லையா என்று முடிவெடுப்பார்.

புது ஆளைத் தேடுவதை, பழையவர் பதில் சொல்லும்வரை தொடங்கவேண்டாம். பக்கத்து வீட்டில் நீங்கள் விசாரித்தது அன்று பின்னேரமே அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கேட்டதெல்லாம் வெறும் சடங்கு என்று ஆகிவிடும்.

டிரைவருக்குச் சொல்வதென்றால்

அடிப்படை இதேதான், இரண்டு வித்தியாசம் உண்டு. டிரைவருக்கு எப்போது வரவேண்டும் என்பதை விட எப்போது விடுபடுவார் என்பதுதான் பெரிய விஷயம். மாதச் சம்பளத்துக்கு ஓடும் அண்ணனிடம் சொந்த ஓட்டோவும் இருக்கும். உங்கள் வேலை முடிந்தபிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார், ஹயர் ஓடுவார். "காலை எட்டுக்கு வாங்கோ, பிறகு பாப்பம்" என்ற ஒழுங்கு அவருடைய மீதி நாளைக் கட்டிப்போட்டுவிடும். "எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அதுக்குப் பிறகு உங்கட நேரம்" என்று முடிவு நேரத்தைச் சொல்லுங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக்காரர் நிறைய வரும் காலம், டிரைவர்மார் வருடம் முழுதுக்கும் உழைப்பது அப்போதுதான். நேரத்தைக் கூட்டவேண்டும் என்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துப் பாருங்கள், அல்லது அவர் இழக்கும் ஹயருக்கு ஈடாகக் கொடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து வரும் நானா என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தை முதலே விட்டு ஒழுங்குசெய்யுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர் வீட்டில் இருக்கவேண்டும் என்றால், பாதைத் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து முன்னதாகவே விடவேண்டும்.

அடுத்தது தூரப் பயணம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவில் போகவேண்டும் என்றால் போக மட்டுமே ஐந்தாறு மணித்தியாலம். திகதி தெரிந்த அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள், முதல்நாள் பின்னேரமும் திரும்பி வந்த மறுநாளும் வேலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் யானை வீதிக்கு வரும் பாதை அது. நித்திரை இல்லாமல் அந்தப் பாதையில் ஓடச்சொல்வது அவருக்கும் ஆபத்து, பின்சீற்றில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஆபத்து. கடைசி நிமிடத்தில்தான் தெரியவந்தது, அவரால் வரமுடியாது என்றால், அந்த ஒரு பயணத்துக்கு வேறு வான் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்காக அவருடைய சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.